வாடகைக்குப் போன கணக்கு

இணைய மோசடியை ஒரு தொழிலாக வைத்துப் பார்த்தால் அதற்கு மூன்று மூலப்பொருள்கள் வேண்டும். வேறொருவர் பெயரில் ஓடும் சிம் கார்டு, வேறொருவர் பெயரில் திறந்த வங்கிக் கணக்கு, பணத்தைத் தன் கையாலேயே அனுப்பிவைக்கும் நிலைக்குக் கொண்டுவரக்கூடிய ஒரு மனிதர். இந்த மூன்றும் ஒரே இடத்தில் மலிந்து கிடப்பது தொழிற்பேட்டைகளில்தான். திருவள்ளூர் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, காக்களூர் சிட்கோ, அரக்கோணம் ரயில் தடத்தில் கடம்பத்தூரை ஒட்டிய ஆலைகள் என்று இங்கே வேலைக்கு வருபவர்களில் பெரும்பகுதியினர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். சுற்றுக் கிராமத்து இளைஞர்களோடு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலத்தவரும் இருக்கிறார்கள். ஊதியம் வழங்கல் சட்டத்துக்கு 2017இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, தொழிலாளியின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமலேயே நிர்வாகம் கூலியை வங்கிவழி கொடுக்கலாம். எனவே வேலையில் சேரும்போதே கணக்கும் வந்துவிடுகிறது. வேலை நிரந்தரமில்லை, வசிப்பிடம் நிரந்தரமில்லை. ஆனால் கணக்கும் செல்பேசி எண்ணும் ஆதாரும் கையில் உண்டு.

இந்த நிலையிலிருந்து பார்க்கும்போது, ‘இணைய மோசடியில் யார் ஏமாறுகிறார்கள்’ என்ற கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில் பொருந்தவில்லை. படிக்காதவர், பேராசைக்காரர், கவனமில்லாதவர் என்று ஏமாந்தவரின் மனத்தில் காரணம் தேடுகிறோம். ஏமாறுவது மனத்தின் குறை என்பதைவிட, பணம் ஓடும் சங்கிலியில் ஒருவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தச் சங்கிலியில் ஒரே வகையான தொழிலாளி மூன்று வெவ்வேறு இடங்களில் நிற்கிறார்: பணத்தை இழந்தவராக, கணக்கை வாடகைக்குக் கொடுத்தவராக, செய்யாத குற்றத்துக்காகக் கணக்கு முடக்கப்பட்டவராக. முதலாமவரைச் சட்டம் கவனக்குறைவானவர் என்கிறது. இரண்டாமவரைக் குற்றவாளி என்கிறது. மூன்றாமவரை அது நெடுநாள் கண்டுகொள்ளவே இல்லை.

முதலில் அளவைப் பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாடு முழுவதும் 65,893 இணையக் குற்ற வழக்குகள் பதிவாயின. 2023இல் அது 86,420 ஆனது. அவற்றில் நூற்றுக்கு 69 வழக்குகளின் நோக்கம் பண மோசடி. ஆனால் அதே 2023இல் மத்திய அரசின் இணையக் குற்றப் புகார்த் தளத்துக்கு வந்த புகார்கள் 15 லட்சத்துக்கும் மேல். ஒரே வழக்கில் பல புகார்கள் அடங்கலாம் என்பதைக் கழித்துக்கொண்டாலும், புகார் கொடுத்தவர்களில் மிகச் சிலருக்கே முதல் தகவல் அறிக்கை வரை போக வழி கிடைத்திருக்கிறது என்பது தெளிவு. மக்கள் இழந்ததாகப் புகார்களில் பதிவான தொகை 2023இல் 7,465 கோடி ரூபாய். 2024இல் அது 22,845 கோடி என்று உள்துறை அமைச்சகம் மக்களவையில் தெரிவித்தது. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. ஓராண்டுக்குள் நாட்டு மக்களின் பேராசையோ அறியாமையோ மூன்று மடங்காகிவிடாது. வளர்ந்தது மோசடித் தொழிலின் உற்பத்தித் திறன்.

அந்தத் தொழிலில் புதிது எது? ஏமாற்றுவது பழைய குற்றம். சீட்டுக் கம்பெனியும் ஈமு கோழிப் பண்ணையும் தமிழ்நாடு பார்த்தவைதான். இணையம் வந்ததும் மனிதர்களின் நடத்தை ஏன் மாறுகிறது என்று கேட்டவர்களுள் முக்கியமானவர் கே. ஜெய்சங்கர். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது 2007இல் இணையக் குற்றவியலுக்கென்றே ஓர் ஆய்விதழைத் தொடங்கியவர். நேர் உலகில் தம் நிலைக்கும் மரியாதைக்கும் அஞ்சிக் குற்றம் செய்யாதவர்கள், முகம் தெரியாத வெளிக்குப் போனதும் அதைச் செய்யத் துணிகிறார்கள் என்பது 2008இல் அவர் முன்வைத்த கோட்பாட்டின் சாரம். தனி ஆள் செய்யும் குற்றத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. இன்றைய பண மோசடிக்கு இதனுடன் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அது வேலைப் பிரிவினை. முழுக் குற்றத்தையும் செய்கிறவர் என்று இங்கே யாரும் இல்லை. ஒருவர் எண்களைத் திரட்டுகிறார், ஒருவர் சிம் வாங்கித் தருகிறார், ஒருவர் பேசுகிறார், ஒருவர் கணக்குக் கொடுக்கிறார், ஒருவர் ஏடிஎம்மில் பணம் எடுக்கிறார். ஆலையில் ஒரு திருகை மட்டும் முடுக்குபவருக்கு முழு வண்டியோடு உறவு இல்லாததுபோல, ஒவ்வொருவரும் செய்வது தனியாகப் பார்த்தால் சாதாரண வேலை. நெறி பிறழ்ந்துவிட்டோம் என்ற உணர்வே எழாத அளவுக்குக் குற்றம் துண்டுபோடப்பட்டிருக்கிறது.

இதற்குச் சான்றுகள் உண்டு. 2021 ஜனவரியில் கடன் செயலி வழக்கு ஒன்றில் சென்னை மாநகரக் காவல்துறையின் மத்தியக் குற்றப்பிரிவு பெங்களூருவில் இரண்டு சீன நாட்டவர் உள்ளிட்டோரைக் கைது செய்தபோது, அங்கே கண்டது நூறு பேர் அளவில் வேலைபார்த்த ஒரு கால் சென்டரை. கடன் வாங்கியவர்களை மிரட்டுவது அங்கே மாதச் சம்பளத்துக்கான வேலை. 2022 அக்டோபரில் மியான்மரின் மியாவாடி பகுதியிலிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போனவர்களை எல்லை கடத்திக் கொண்டுபோய், மோசடி வேலையில் உட்காரவைத்திருந்தார்கள். மறுத்தால் அடி, மின்அதிர்ச்சி. மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் இரண்டில் 549 இந்தியர்கள் அங்கிருந்து கொண்டுவரப்பட்டார்கள். எதிர்முனையில் பேசிய குரலுக்கு உரியவரே கைதியாக இருக்கலாம் என்னும்போது, குற்றவாளிக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் நடுவே நாம் போட்டுவைத்த கோடு பழைய இடத்தில் நிற்காது.

இனிப் பணத்தை இழப்பவரிடம் வருவோம். தொழிற்பேட்டை இளைஞர்களைக் குறிவைப்பது பெரும்பாலும் ‘பகுதிநேர வேலை’ மோசடி. அதன் படிகள் ஏறக்குறைய மாறுவதில்லை. ஓர் எடுத்துக்காட்டாக அதைத் தொகை போட்டு நடத்திப் பார்க்கலாம். தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. உணவகங்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டால் ஒன்றுக்கு 50 ரூபாய். மூன்று போட்டதும் 150 ரூபாய் உண்மையிலேயே கணக்கில் விழுகிறது. அடுத்து டெலிகிராம் குழுவில் சேர்க்கிறார்கள். அங்கே ‘எனக்கு வந்துவிட்டது’ என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடும் பலரும் மோசடிக்காரர்களின் ஆட்களே. பிறகு ‘முன்பணப் பணி’ வருகிறது. 1,000 கட்டினால் 1,300, 3,000 கட்டினால் 3,900. இரண்டும் வந்துசேர்கின்றன. நான்காவது நாள் மூன்று பணிகள் கொண்ட ஒரு தொகுப்பு. முதலாவதற்கு 8,000 கட்டிய பிறகுதான், இரண்டாவதற்கு 15,000, மூன்றாவதற்கு 28,000 கட்டி முடித்தால் மட்டுமே எதையும் எடுக்க முடியும் என்று தெரிகிறது. அதையும் கட்டி முடித்தால், ‘நீங்கள் தவறான பொத்தானை அழுத்தியதால் கணக்கு உறைந்துவிட்டது, விடுவிக்க 12,000 வரி’ என்கிறார்கள். அதையும் கட்டிவிட்டால், போனது 63,000. வந்தது, முதலில் விழுந்த 150உடன் லாபமாகத் தந்த 300, 900 இரண்டும் சேர்த்து 1,350. மாதம் 15,000 வாங்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது நான்கு மாதக் கூலி. இதில் பாதிக்கு மேல் கடனாக வாங்கிக் கட்டியதாகவே இருக்கும்.

இந்த வரிசையைக் கூர்ந்து பார்த்தால் அதில் பேராசைக்கு இருக்கும் இடம் சிறிது. தொடக்கத்தில் காட்டப்படுவது கோடிகள் அல்ல, ஒரு மிகைநேர வேலைக்குக் கிடைக்கும் அளவு காசு. 8,000 கட்டிய பிறகு அவரை இழுப்பது லாப ஆசையும் அல்ல, போட்டதை மீட்கும் தவிப்பு. கடைசிப் படியில் தவறு தன்னுடையது என்று அவரையே நம்பவைக்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் மிக நுட்பமான பகுதி அதுதான். தான் செய்த தவறுக்குத் தண்டம் கட்டுவதாக நினைப்பவர் காவல் நிலையத்துக்குப் போவதில்லை. வீட்டிலும் சொல்வதில்லை. இந்தத் தாமதம் மோசடிக்காரருக்குத் தேவையான நேரத்தைத் தருகிறது.

படித்தவர்களுக்கும் வசதியானவர்களுக்கும் வேறு கதவு இருக்கிறது. 2024 ஆகஸ்ட்டில் வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலை ‘டிஜிட்டல் கைது’ என்ற பெயரில் மிரட்டி 7 கோடி ரூபாய் பறித்தார்கள். அவருக்காக உச்ச நீதிமன்ற விசாரணையையே காணொளியில் போலியாக நடத்திக் காட்டினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் பிரதமர் வானொலியில், சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது என்று சொல்ல வேண்டியிருந்தது. பத்ம பூஷண் விருது பெற்ற ஒரு தொழிலதிபரிடம் அறியாமையைக் காரணமாகக் காட்ட முடியாது. அவர் விஷயத்தில் பயன்படுத்தப்பட்டது சட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் ஒரு பொறுப்பான குடிமகன் தரும் மரியாதை. தொழிலாளி விஷயத்தில் பயன்படுத்தப்பட்டது வேலை செய்தால் கூலி வரும் என்ற நம்பிக்கை. இரண்டும் குறைகள் அல்ல, நல்ல பழக்கங்கள். குற்றம் நிகழக் குற்ற நாட்டம் உள்ளவர், பொருத்தமான இலக்கு, காவல் இல்லாமை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்று 1979இல் கோஹன், ஃபெல்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் எழுதினார்கள். அன்றாட வாழ்க்கை முறை மாறும்போது இலக்குகளும் மாறும் என்பது அவர்கள் வாதத்தின் உயிர். வங்கிக் கணக்கே இல்லாதவரை யுபிஐயில் ஏமாற்ற முடியாது. 2016இல் தொடங்கிய யுபிஐயில் 2025 ஆகஸ்ட் மாதம் மட்டும் 2,000 கோடிப் பரிமாற்றங்கள் நடந்தன. பாதிக்கப்படுபவர் உலகம் தெரியாதவர் என்பதைவிட, புதிதாக இந்த வலைப்பின்னலுக்குள் கொண்டுவரப்பட்டவர் என்பதே சரி.

பணத்தை இழந்தவரைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை இங்கே முக்கியமானது. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் பணம் போய், தவறு வங்கியினுடையதும் அல்ல, அவருடையதும் அல்ல என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்பே கிடையாது. நான்கு முதல் ஏழு நாளுக்குள் என்றால் இழப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஆனால் அவரே ரகசிய எண்ணைப் பகிர்ந்திருந்தால், புகார் செய்யும் வரை போன பணம் முழுக்க அவர் தலையில்தான். சுற்றறிக்கை முழுவதும் ‘அங்கீகாரமற்ற பரிமாற்றம்’ என்ற ஒரு சொல்மீது நிற்கிறது. இந்தப் பாதுகாப்புக்குப் பயன் இல்லாமலில்லை. அசாமில் 94,204 ரூபாய் இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு வங்கியே பணம் தர வேண்டும் என்ற குவாஹாட்டி உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அவர் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்திருந்தார். ஆனால் பகுதிநேர வேலை மோசடியிலும் டிஜிட்டல் கைதிலும் பின் எண்ணை அழுத்துவது பணத்தின் சொந்தக்காரரே. வங்கியின் பார்வையில் அது அங்கீகாரம் பெற்ற பரிமாற்றம். கத்தி முனையில் பர்ஸை எடுத்துக் கொடுத்தவரும் தன் கையால்தான் கொடுத்தார். அதை யாரும் அன்பளிப்பு என்று சொல்வதில்லை. இணையத்தில் மட்டும், கை அவருடையது என்பதால் இழப்பும் அவருடையதாகிறது.

அந்தத் தொழிலாளி அனுப்பிய 28,000 ரூபாய் எங்கே போகிறது? இங்கேதான் இரண்டாவது தொழிலாளி வருகிறார். பணம் முதலில் விழுவது எங்கோ ஓர் ஊரில் ஒரு சாதாரண மனிதர் பெயரில் இருக்கும் சேமிப்புக் கணக்கில். சில நிமிடங்களில் அது மூன்று நான்காகப் பிரிந்து வேறு கணக்குகளுக்கு, அவற்றிலிருந்து மேலும் பல கணக்குகளுக்குப் போய், ஏடிஎம்மில் ரொக்கமாகவோ கிரிப்டோ நாணயமாகவோ வெளியேறுகிறது. இக்கணக்குகளைக் காவல்துறையினர் ‘மியூல் அக்கவுண்ட்’ என்பார்கள். பொதி சுமக்கும் கோவேறு கழுதை என்று பொருள். நம் ஊர்ப் பேச்சில் வாடகைக் கணக்கு. கொடுப்பவர் பாஸ்புக், ஏடிஎம் அட்டை, காசோலைப் புத்தகம், கணக்கோடு இணைத்த சிம் எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்துக் கொடுத்துவிடுகிறார். கிடைப்பது சில ஆயிரம், அல்லது வரும் தொகையில் சிறு கழிவு. வரி மிச்சப்படுத்த, ஆன்லைன் விளையாட்டுப் பணத்துக்கு, வெளியூர்க் கம்பெனிக்கு என்று ஏதாவதொரு காரணம் சொல்லப்படும். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகும் வெளிமாநிலத் தொழிலாளிக்கு அந்தச் சம்பளக் கணக்கு இனிப் பயன்படாத பொருள். அதை விற்பது, கழற்றிப்போட்ட பாதுகாப்புக் காலணியை விற்பதுபோல் அவருக்குத் தோன்றினால் வியப்பில்லை. இத்தகைய கணக்கை வங்கியால் அடையாளம் காண முடியாது என்பதும் இல்லை. பல மாதம் கூலி மட்டுமே வந்த கணக்கில் திடீரென்று பல மாநிலங்களிலிருந்து பணம் விழும், விழுந்த நிமிடமே வெளியேறும், இருப்பு எப்போதும் பூச்சியத்தை ஒட்டியே இருக்கும்.

கணக்கை வாடகைக்கு விட்டவர் தன் மனச்சான்றுக்குச் சொல்லும் சமாதானங்களைச் சமூகவியல் வெகு காலமாக அறியும். 1957இல் சைக்ஸ், மட்ஸா இருவரும் அவற்றை வகைப்படுத்தினார்கள்: நான் பொறுப்பல்ல, யாருக்கும் சேதமில்லை, பாதிக்கப்பட்டவர் என்று யாரும் இல்லை என்பனபோல. பழைய குற்றங்களில் இந்தச் சமாதானங்களைக் குற்றவாளி தானே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. வாடகைக் கணக்கில் தொழிலின் அமைப்பே அவற்றைக் கொடுத்துவிடுகிறது. இழந்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது, பணத்தை அவர் தொடவும் இல்லை. ஆனால் சட்டம் அவரைத்தான் முதலில் தொடுகிறது. பணத்தின் தடத்தைப் பின்பற்றும் காவலர் கையில் கிடைக்கும் முதல் பெயரும் முகவரியும் ஆதார் எண்ணும் அவருடையவை. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆம் பிரிவு இணையக் குற்றத்தையும் திட்டமிட்ட குற்றமாகச் சேர்த்திருக்கிறது. உயிரிழப்பு இல்லாத நிலையிலும் குறைந்தது ஐந்தாண்டுச் சிறை, ஐந்து லட்சம் அபராதம். அறிந்தே உதவியவருக்கும் அதே தண்டனை. இந்தப் பிரிவு சங்கிலியின் தலைவரை நோக்கி எழுதப்பட்டது. அவர் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கிறார். கைக்கு எட்டுவது சங்கிலியின் வால்.

மூன்றாவது நபர் எதையுமே செய்யாதவர். வாடகைக் கணக்கிலிருந்து வந்த பணத்தில் யாரோ ஒருவர் மளிகை வாங்கியிருப்பார், அறை வாடகை கொடுத்திருப்பார். புகார் வந்ததும் பணத்தின் தடம் போகுமிடமெல்லாம் வங்கிகள் கணக்கை முடக்குகின்றன. 2023இல் கேரளத்தில் சிறு கடைக்காரர்கள் பலரின் கணக்குகள் இப்படி முடங்கின. சில நூறு ரூபாய்க்கு வாங்கிப்போன ஒரு வாடிக்கையாளரின் பணம் எங்கோ தொலைமாநிலத்தில் நடந்த மோசடியோடு தொடர்புடையதாக இருந்தது. தமிழ்நாட்டில் இத்தகைய வழக்கொன்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தெலங்கானா காவல்துறை கேட்டுக்கொண்டதால் ஒருவரின் கணக்கு மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. சந்தேகத்துக்குரிய தொகை சுமார் 2.49 லட்சம், கணக்கில் இருந்ததோ சுமார் 9.69 லட்சம். எவ்வளவு தொகை, எத்தனை நாளுக்கு என்று சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்குவது ஒருவரின் பிழைப்புக்கான உரிமையைப் பறிப்பது என்று கூறிய நீதிமன்றம், 2.5 லட்சம் இருப்பை வைத்துக்கொண்டு மீதியைப் பயன்படுத்த அனுமதித்தது. ஆனால் உயர் நீதிமன்றம் வரை போக முடிந்தவருக்குத்தான் இந்தத் தீர்வு. கடம்பத்தூரில் இட்லிக் கடை வைத்திருப்பவருக்கோ, மாதக் கடைசியில் சம்பளம் விழுந்த கணக்கு முடங்கிப்போன தொழிலாளிக்கோ, வேறு மாநிலத்து இணையக் குற்றக் காவல் நிலையத்தின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடிப்பதே ஒரு வழக்காகிவிடும். அவர் யாருடைய புள்ளிவிவரத்திலும் பாதிக்கப்பட்டவராக எண்ணப்படுவதில்லை.

ஏன் எண்ணப்படுவதில்லை என்பதற்கு நார்வே நாட்டுக் குற்றவியலாளர் நில்ஸ் கிறிஸ்டி 1986இல் எழுதிய கட்டுரை உதவுகிறது. பாதிக்கப்பட்டவர் என்ற தகுதியை ஊர் எல்லோருக்கும் எளிதில் தருவதில்லை. பலவீனமானவர், நல்ல காரியமாகப் போய்க்கொண்டிருந்தவர், குற்றவாளியோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர், எதிரி பெரியவன், கொடியவன் என்றால்தான் இரக்கம் முழுமையாகக் கிடைக்கும் என்றார் அவர். வழிப்பறியில் சங்கிலியை இழந்த மூதாட்டிக்கு அது கிடைக்கிறது. டெலிகிராமில் 63,000 இழந்த இளைஞருக்குக் கிடைப்பதில்லை. அவர் பலவீனமானவராகத் தெரியவில்லை, தானே பணம் அனுப்பியிருக்கிறார், முன்பு லாபமும் வாங்கியிருக்கிறார். புகாரைவிடக் கேலிக்கு அவர் அதிகம் அஞ்சுவது இதனால்தான்.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வலுவானவை. முதலாவது பழமொழியாகவே இருக்கிறது: பேராசை பெருநஷ்டம். உழைக்காமல் காசு வரும் என்று நம்பியவர்மீது இரக்கம் எதற்கு என்கிறார்கள். அதில் பாதி உண்மை உண்டு. பங்குச்சந்தை ஆலோசனை என்ற பெயரில் நடக்கும் முதலீட்டு மோசடிகளில் இழந்தவர்களின் ஆசைக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் டிஜிட்டல் கைதில் மிரண்டவரும், மருத்துவச் செலவுக்குக் கடன் செயலியை நாடியவரும் எந்தப் பேராசைக்காரர்? ஒரு காரணம் எல்லா வகை மோசடிகளுக்கும் பொருந்தவில்லை என்றால் அது காரணமாகாது, வசையாகத்தான் நிற்கும். அந்த வசைக்கு ஒரு விலையும் இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் இயங்கும் உதவி ஏற்பாட்டில், இன்றைய 1930 எண்ணுக்கு அழைத்துப் பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணைச் சொன்னால், பணம் நிற்கும் கணக்கில் அந்தத் தொகையை வங்கி நிறுத்திவைக்கும். பணம் முதல் ஒன்றிரண்டு கணக்குகளைத் தாண்டும் முன் அழைத்தால்தான் பயன். கேலிக்கு அஞ்சி இரண்டு நாள் கழித்து அழைப்பவருக்கு நிறுத்திவைக்க எதுவும் மிஞ்சியிருக்காது. ஊர்வாயில் வரும் பழமொழி மோசடிக்காரருக்கு நேரம் வாங்கித் தருகிறது.

இரண்டாவது மறுப்பு வாடகைக் கணக்குக்காரர் பற்றியது. ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் அந்நியரிடம் கொடுப்பது நேர்மையான காரியம் அல்ல என்பது யாருக்கும் தெரியும், அவரைப் பாதிக்கப்பட்டவர் என்று எப்படிச் சொல்வது? சொல்லக் கூடாதுதான். அவர் சங்கிலியின் ஒரு கண்ணி. அவர் இல்லாமல் 63,000 எங்கும் போயிருக்காது. நான் சொல்வது பொறுப்பின் அளவைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதை. ஒரு முறை ஏமாந்து கொடுத்தவர், தெரிந்தே விற்றவர், ஊரில் பத்துப் பேரின் கணக்கைத் திரட்டி விற்ற தரகர் ஆகிய மூவரும் ஒருவரல்லர். ஐந்தாண்டுச் சிறை தரகரைச் சுட்டினால் கணக்குச் சந்தை சுருங்கும். விற்ற கூலிக்காரரோடு நின்றுவிட்டால், தரகர் அடுத்த மாதம் வந்திறங்கும் புதிய தொழிலாளர்களிடம் போவார். தண்டனையின் கடுமை குறைவதால் இங்கே சந்தை வளரவில்லை. மலிவான கணக்குகள் தீராமல் வந்துகொண்டிருப்பதால் வளர்கிறது.

மூன்றாவது மறுப்பு பொருளாதாரம் சார்ந்தது. இழந்த பணத்தை வங்கி ஈடுசெய்யும் என்றால் மக்கள் இன்னும் கவனம் குறைவார்கள், போலிப் புகார்களும் பெருகும் என்கிறார்கள். இந்த அச்சத்தை ஒதுக்க முடியாது. ஆனால் இதற்கு நடைமுறையில் ஒரு சோதனை நடந்துவருகிறது. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், வாடிக்கையாளர் தானே அனுப்பி ஏமாந்த பணத்தையும் 85,000 பவுண்டு வரை ஈடுசெய்ய வேண்டும் என்று ஒழுங்குமுறை வந்தது. அலட்சியத்தைத் தடுக்க 100 பவுண்டு வரை பிடித்துக்கொள்ள வங்கிக்கு உரிமை உண்டு. நலிந்த நிலையில் உள்ளவர்களிடம் அதையும் பிடிக்க முடியாது. கடும் அலட்சியம் என்று நிரூபித்தால் வங்கி மறுக்கவும் செய்யலாம். நமக்குப் பாடமாக இருப்பது இன்னொரு விதி. ஈட்டுத்தொகையில் சரிபாதியை, பணம் போய்ச் சேர்ந்த வங்கி தர வேண்டும். அதாவது வாடகைக் கணக்கைத் திறந்து வைத்திருக்கும் வங்கி. இந்தியாவில் இழப்பு முழுவதும் பின் எண்ணை அழுத்தியவர்மீது விழுவதால், பணம் பெறும் பக்கத்து வங்கிக்குத் தன் கணக்குகளைக் கண்காணிப்பதில் நேரடி லாபம் இல்லை. பேராசையைப் பற்றி நாம் இவ்வளவு பேசுகிறோம். கணக்கு எண்ணிக்கையைக் கூட்டுவதில் காட்டும் வேகத்தைக் கணக்குகளைப் பார்த்துக்கொள்வதில் காட்டாத வங்கிகளின் அலட்சியத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

பிரிட்டன் விதியை அப்படியே இங்கே நடைமுறைப்படுத்திவிட முடியாது. அங்கே பரிமாற்றங்களின் எண்ணிக்கை குறைவு, தொகை பெரிது. நம் பரிமாற்றங்கள் சிறியவை, எண்ணற்றவை. ஒவ்வொன்றையும் விசாரிக்கும் செலவு ஈட்டுத்தொகையை மிஞ்சலாம். ஆனால் கொள்கை எளிது: இழப்பில் ஒரு பங்கு, அதைத் தடுக்கக்கூடிய இடத்தில் இருந்தவர்மீது விழ வேண்டும். 63,000 ரூபாயின் வழியில் அதைத் தடுத்திருக்கக்கூடியவர்கள் யார் யார் என்று வரிசைப்படுத்தினால், தவிப்பின் உச்சத்தில் பின் எண்ணை அழுத்திய தொழிலாளி அதில் கடைசியாகத்தான் வருவார். கூலி மட்டுமே வந்துகொண்டிருந்த கணக்கில் ஒரே இரவில் எட்டு மாநிலங்களின் பணம் விழுந்ததைக் கண்ட கணினி அவருக்கு முன்னால் நிற்கிறது. ஒரே கூடத்தில் நூறு பேருக்குக் கணக்குத் திறந்து, அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் அவற்றை மூடாமல் விட்ட ஏற்பாடு அதற்கும் முன்னால் நிற்கிறது. வேலைநீக்கம் ஆனதும் நுழைவு அட்டையை ஆலை வாயிலிலேயே வாங்கிவைத்துக்கொள்கிறார்கள். அதே வாயிலில் திறக்கப்பட்ட கணக்கை மூடிவிட்டுப் போகச் சொல்ல அங்கே யாரும் இல்லை.